வளரும் பெண்ணுக்குப் பாவாடை சட்டை: ‘ரெண்டு சைஸ் பெருசா’ எடுப்பதில் உள்ள சிக்கல்

ஆறு வயதுப் பெண்ணுக்குப் பட்டுப் பாவாடை எடுக்கப் போனால் கூட வருகிற பெரியவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “வளர்ற பொண்ணு, ரெண்டு சைஸ் பெருசாவே எடு.” பட்டு விற்கிற விலைக்கு அது நியாயமான பேச்சுதான். ஒரே வருடத்தில் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும் பாவாடைக்கு யார்தான் அவ்வளவு கொடுப்பார்கள்? ஆனால் அப்படி எடுத்து வந்த பாவாடையைப் பிள்ளை கோயில் படியில் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறும். சட்டையின் தோள் நழுவி விழ, இன்னொரு கையால் அதை ஏற்றிவிட்டுக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க இரண்டு கையும் துணியிலேயே.

இதில் நடக்கிற தவறு பெரிதாக எடுப்பது அல்ல. எல்லாவற்றையும் ஒரே அளவுக்குப் பெரிதாக எடுப்பதுதான். பிள்ளையின் உடம்பு எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஐந்து வயதிலிருந்து பருவம் வரும் வரை வருடத்துக்கு ஏறக்குறைய 5 முதல் 6 சென்டிமீட்டர் உயரம் கூடுகிறது. அதில் பெரும்பகுதி காலுக்குத்தான் போகிறது. ஆகவே இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வருடத்துக்குச் சுமார் ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். மார்புச் சுற்று வருடத்துக்கு ஒரு அங்குலத்தை ஒட்டியே கூடும். இடுப்பு இன்னும் மெதுவானது, பல பிள்ளைகளுக்கு அரை அங்குலம்கூடக் கூடாது. நீளத்துக்கு நிறைய, மார்புக்குக் கொஞ்சம், இடுப்புக்குப் பெயரளவுக்கு: வளர்ச்சிக்கான இடத்தை இந்தக் கணக்கில்தான் விட வேண்டும்.

ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். இடுப்பிலிருந்து கணுக்கால் எலும்பு வரை 25 அங்குலம், மார்பு 23, இடுப்பு 21, தோள் அகலம் 10. ரெடிமேடாக வருகிற பாவாடை சட்டையில் 24, 26, 28 என்று போட்டிருக்கும் எண் பெரும்பாலும் பாவாடையின் நீளம்தான், அங்குலத்தில். சிலர் அந்த எண்ணை வயதோடு சேர்த்துச் சொல்வார்கள், சிலர் சட்டையின் மார்பளவு என்று நினைத்துக்கொள்வார்கள். எதையும் நம்பாமல் டேப்பை எடுத்துப் பாவாடைப் பட்டியின் மேல் விளிம்பிலிருந்து கீழ்க்கரை வரை அளந்துவிடுவது நல்லது. இந்தப் பிள்ளைக்கு இன்று பொருந்துவது 26. ரெண்டு சைஸ் பெரிது என்றால் 30. அதாவது தேவைக்கு மேல் 5 அங்குலம், மூன்று வருட வளர்ச்சிக்கு மேல். நான் 28-ஓடு நிறுத்துவேன். மூன்று அங்குலம் மிச்சம், இரண்டு வருடத்துக்குப் போதும். அதற்கு மேல் சேமித்தால் மடிப்பு கனத்துப் பாவாடை விறைப்பாக நிற்கும், பட்டும் மடிந்த இடத்திலேயே நைந்துபோகும்.

அந்த மூன்று அங்குலத்தை எங்கே ஒளித்துவைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சாதாரண கவுன் என்றால் கீழ் விளிம்பை உள்ளே மடித்துத் தைத்துவிடலாம். ஜரிகைக் கரை போட்ட பாவாடையில் அது முடியாது. மடித்தால் கரை உள்ளே போய்விடும், அழகே அதுதான். வழி, கரைக்குச் சற்று மேலே துணியைக் குறுக்காக மடித்துத் தைத்து டக் பிடிப்பது. முக்கால் அங்குல டக் ஒன்று ஒன்றரை அங்குல நீளத்தை விழுங்கும், ஏனென்றால் துணி இரட்டையாக மடிகிறது. இரண்டு டக் போட்டால் மூன்று அங்குலம் சரியாகப் போய்விடும். கரைக்கு இணையாக வருவதால் பார்க்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு கோடு போட்ட மாதிரிதான் தெரியும். அடுத்த வருடம் மேல் டக்கைப் பிரிக்கலாம், அதற்கடுத்த வருடம் மற்றதை.

டக் போடும்போது மெஷினில் இருப்பதிலேயே பெரிய தையலாக வைக்கச் சொல்லுங்கள். சின்னத் தையல் போட்ட பட்டைப் பிரித்தால் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும், அவை போகவே போகாது. பெரிய தையலிலும் மடிப்புத் தடம் லேசாக இருக்கத்தான் செய்யும். மேலே பருத்தித் துணி விரித்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் ஓரளவு குறையும். உள்ளே லைனிங் இருந்தால் அதற்கும் தனியாக டக் பிடிக்க வேண்டும். மறந்தால் டக் பிடித்த பாவாடை மேலே ஏறிக்கொள்ள, லைனிங் கீழே எட்டிப் பார்க்கும்.

துணி எடுத்துத் தைக்கிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. எனக்கு நடந்தது. மகளுக்கு என் பழைய பட்டுச் சேலையிலிருந்து பாவாடை தைக்கத் தையல்காரரிடம் கொடுத்தேன். “நீளம் 24, கொஞ்சம் மிச்சம் விட்டுத் தைங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். வாங்கி வந்து அடுத்த வருடம் பட்டியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அரை அங்குலம்கூட இல்லை. கரை கீழே இருப்பதால் மிச்சம் எப்போதும் மேலேதான் வரும், அதை அவர் வெட்டிச் சட்டைக் கைக்குப் போட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, ‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு என்று நான் சொல்லவில்லையே. அன்றிலிருந்து “மேலே மூன்று அங்குலம் வெட்டாமல் பட்டிக்குள் மடித்து விடுங்கள், இல்லாவிட்டால் டக் பிடித்து விடுங்கள்” என்று எழுதியே கொடுக்கிறேன். மெல்லிய துணி என்றால் பட்டிக்குள் மடிப்பது போதும். கனமான பட்டில் அத்தனை கொசுவமும் இரட்டையாகி இடுப்பில் முரட்டுத்தனமாக நிற்கும், அங்கே டக்தான் சரி.

சட்டைக்கு வருவோம். பிரித்துப் பெரிதாக்க முடிகிற இடம், முடியாத இடம் என்று சட்டையில் இரண்டு உண்டு. பக்கத் தையலைப் பிரிக்கலாம். தோளையும் கைக்குழியையும் பின்னால் பெரிதாக்குவது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால் தோளை முதலில் பாருங்கள். பிள்ளையின் தோள் எலும்பு முனைக்கு மேல் பக்கத்துக்குக் கால் அங்குலம் வரை வெளியே போனால் பரவாயில்லை, அதுவே வளர்ச்சிக்கு இடம். முக்கால் அங்குலம் தொங்கினால் கழுத்தும் அகன்று சட்டை ஒரு பக்கமாகச் சரியும். பின்கழுத்தில் குஞ்சம் வைத்த நாடா இருக்கிறதே, இழுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். அந்த நாடா கழுத்து அகலத்தைத்தான் கொஞ்சம் சேர்க்கும். தோள் பெரிதாக இருந்தால் நாடாவை இறுக்க இறுக்க முதுகில் சுருக்கம் விழுமே ஒழிய, கை மேலே ஏறாது.

நம் பிள்ளைக்கு மார்பு 23. பட்டு நீளாத துணி, கையைத் தூக்க, குனிய மூன்று அங்குலம் தளர்வு வேண்டும், ஆகவே சட்டையின் சுற்று 26. இரண்டு வருடத்துக்கு இன்னும் இரண்டு அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பக்கத் தையலைத் தாண்டி முன் துண்டிலும் பின் துண்டிலும், புதுத் தையலுக்கான ஓரம் போக, அரை அங்குலம் துணி இருந்தால், இரண்டு பக்கமும் சேர்த்து அந்த இரண்டு அங்குலம் கிடைத்துவிடும். ரெடிமேடில் பல சமயம் தையலை ஒட்டியே வெட்டி ஓவர்லாக் அடித்திருப்பார்கள். அதைப் பிரித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அப்படிப்பட்ட சட்டையைச் சற்றுப் பெரிதாக வாங்கி, பக்கத்தை வெட்டாமல் பிடித்துத் தைத்துக்கொள்வதுதான் வழி. அப்புறம் முக்கியமான ஒன்று: பக்கத் தையலில் விட்ட மிச்சம் அக்குளைத் தாண்டிக் கையின் அடித்தையலிலும் தொடர வேண்டும். உடம்பில் விட்டுக் கையில் விடாத சட்டையை அடுத்த வருடம் பிரித்தால் மார்பு தளரும், அக்குளில் மட்டும் பிடிக்கும்.

சட்டையின் நீளமும் கவனிக்கத் தக்கது. நின்றால் சரியாக இருக்கும், கையைத் தூக்கினால் வயிறு தெரியும். போட்டுப் பார்க்கும்போது பிள்ளையை இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொல்லுங்கள், அப்போதும் பாவாடைப் பட்டி மறைந்திருக்க வேண்டும். கீழே இரண்டு அங்குலம் மடிப்பு விட்டுத் தைத்தால் பின்னால் இறக்கிக்கொள்ளலாம்.

இனி நாடா. இடுப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நாடாவை இழுத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் எல்லோருக்கும் உண்டு. இரண்டு அங்குலம் வரை அது உண்மை. 28 சைஸ் பாவாடையில் பட்டி 25 அங்குலம் இருந்து பிள்ளையின் இடுப்பு 21 என்றால், நாலு அங்குலத்தையும் நாடாவால் சேர்க்கும்போது கொசுவம் எல்லாம் முடிச்சுக்குப் பக்கத்தில் கொத்தாகக் குவியும். அந்த இடத்தில் பாவாடை உப்பி நிற்கும், கீழ்க்கரையும் ஒரு பக்கம் மேலேறிவிடும். முன்னால் சமமாகத் தெரிந்தாலும் பக்கவாட்டில் நின்று பாருங்கள், தெரிந்துவிடும். செய்ய வேண்டியது: பட்டியின் பின்பக்கத்தில் இடமும் வலமுமாக அரை அங்குல மடிப்பு ஒவ்வொன்று தைத்து இரண்டு அங்குலத்தை அங்கேயே எடுத்துவிடுவது. மீதியை நாடா பார்த்துக்கொள்ளும். இழுத்த சுருக்கத்தையும் கையால் பின்பக்கம் தள்ளிவிட்டு, முன்பக்கத்தைத் தட்டையாக வைத்துக் கட்ட வேண்டும்.

நாடாவின் நடுப்பகுதியைப் பட்டியின் பின் நடுவில் ஒரு தையல் போட்டு நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் விசேஷ நாளன்று காலையில் ஒரு முனை பட்டிக்குள் போய்விடும், வீடே ஊக்கை மாட்டி அதைத் தேடிக்கொண்டிருக்கும்.

நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இடுப்பு என்றே ஒன்று இருக்காது, வயிறுதான். நாடா எவ்வளவு இறுக்கினாலும் பாவாடை இறங்கும். தடம் பதியும்படி இறுக்குவதில் அர்த்தமில்லை. உள்ளே மெல்லிய பருத்தியில் கையில்லாத பாடி வைத்துத் தைத்துவிட்டால் பாவாடை தோளில் தொங்கும். ஆனால் பாடி வைத்தபின் நீளம் தோளிலிருந்து கணக்காகிறது, உடம்பு நீள நீள இடுப்புப் பட்டி மேலே ஏறும். பாடியின் தோள்பட்டையை நீளமாக விட்டு, பட்டன் இரண்டு இடத்தில் வைத்தால் இறக்கிக்கொள்ளலாம்.

பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. சிலருக்கு எட்டு, ஒன்பதிலேயே மார்பு மாறத் தொடங்கிவிடும், உயரமும் திடீரென்று வருடத்துக்கு எட்டு சென்டிமீட்டர் வரைகூட ஏறும். பாவாடையில் டக் வைத்துக்கொள்ளலாம், சட்டையை மட்டும் அந்த வருடத்துக்கே தைப்பது மேல். அதே துணியில் கால் மீட்டர் கூடுதலாக வாங்கி மடித்து வைத்தால், அடுத்த வருடம் பக்கத்தில் ஒட்டுக் கொடுக்கவோ கை மாற்றவோ உதவும்.