முறுக்குப் பொட்டலத்தில் ஒளிந்திருக்கும் கோதுமை

அரிசி மாவு, உளுந்த மாவு, வெண்ணெய், எள், ஓமம், பெருங்காயம், உப்பு. முறுக்கில் கோதுமைக்கும், அதிலுள்ள குளூட்டன் என்ற புரதத்துக்கும் எங்கே இடம்? அந்தத் துணிச்சலில்தான் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிற பொட்டலத்தின் முகப்பில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துவிடுகிறார்கள். ஏற்றுமதியில் புதிதாக இறங்குகிறவர்களின் லேபிள்களில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது.

கோதுமை பெருங்காய டப்பாவுக்குள் இருக்கிறது. நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். சுத்தப் பெருங்காயத்தின் வீரியம் தாங்காது என்பதால் அதனோடு மாவும் பிசினும் கலப்பார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. டப்பாவைத் திருப்பினால் பொடி எழுத்தில் எழுதியிருக்கும்.

ஒரு சிட்டிகை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. ஒரு கிலோ மாவுக்கு 5 கிராம் கூட்டுப் பெருங்காயம் போடுகிறீர்கள், அதில் பாதி கோதுமை மாவு என்று வைத்துக்கொள்வோம். 2.5 கிராம் கோதுமை மாவு. கோதுமை மாவில் குளூட்டன் தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு. ஆக 250 மில்லிகிராம். எண்ணெய் குடித்து முறுக்கு ஒன்றேகால் கிலோவாக வந்தாலும், கிலோவுக்கு 200 மில்லிகிராம் நிற்கும். அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ‘குளூட்டன் இல்லாதது’ என்று போடுவதற்கான வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். பத்து மடங்கு தாண்டிவிட்டோம். முறுக்கை முன்பின் பார்த்திராத ஒருவர் அதைக் கையில் எடுப்பதே பல நேரம் அந்த ஒரு வரிக்காகத்தான். குளூட்டன் ஒவ்வாத குடல்நோய் உள்ளவராக இருந்தால் அவரைப் படுக்க வைத்துவிடும்.

அரிசி மாவு கலந்த பெருங்காயம் கிடைக்கிறது, அதற்கு மாறலாம். மாறினாலும் வேலை முடியவில்லை. அரிசியை எங்கே அரைக்கிறீர்கள்? முந்தைய வாடிக்கையாளரின் கோதுமை அரைத்து முடித்த அதே மில்லில் என்றால், கல்லில் ஒட்டியிருப்பது உங்கள் மாவில் வந்து சேரும். தனி அரவை இயந்திரம் வேண்டும். பொரித்த முறுக்கையே ஆய்வகத்தில் கொடுத்து குளூட்டன் அளவு பார்த்த அறிக்கை கையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த வாசகத்தை எடுத்துவிடுங்கள்.

வாசகத்தை எடுத்த பிறகும் பொருள் பட்டியலில் ‘பெருங்காயம்’ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தக் கூடாது. அதற்குள் கோதுமை இருப்பதைத் திறந்து சொல்ல வேண்டும். வெண்ணெய்க்காகப் பால் என்றும் குறிப்பிட வேண்டும். எள்ளும் அப்படித்தான்: 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் அது கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள். பழைய லேபிளை வைத்தே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

கடலை மிட்டாய்க்காரர்கள் செய்யும் தவறு வேறு. வெல்லம்தானே போட்டிருக்கிறோம் என்று ‘சர்க்கரை சேர்க்காதது’ என எழுதிவிடுகிறார்கள். நமக்கு வெல்லம் வேறு, சர்க்கரை வேறு. அங்குள்ள விதிகளுக்கு இரண்டும் சேர்த்த சர்க்கரைதான். ‘வெல்லப் பாகில் செய்தது’ என்று இருப்பதைச் சொன்னாலே போதும். ‘சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது’ என்ற பக்கமே போகாதீர்கள். மருந்து விற்கிற பேச்சு அது.

பெயருக்கு வருவோம். ‘கை முறுக்கு’ என்று மட்டும் போட்டால் புதியவருக்கு ஒன்றும் விளங்காது. ‘அரிசி, உளுந்து மாவில் செய்த மொறுமொறுப்பான சுருள்’ என்று அந்த ஊர் மொழியில் பெயருக்குக் கீழேயே ஒரு வரி வேண்டும். ஓமம் மணக்கும், காரம் இல்லை, உருளைக்கிழங்கு வறுவலைவிடக் கடினமாக இருக்கும் என்றும் சொல்லிவிடுங்கள். கடினம் என்று எழுதினால் விற்காது என்பார்கள். எழுதாமல் விற்ற முறுக்கைக் கடித்துவிட்டு, பழையது என்று திருப்பி அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகப் பொட்டலம். முறுக்கு அழகாகத் தெரியட்டும் என்று கண்ணாடிபோன்ற உறையில் போடுகிறார்கள். வெளிச்சமும் காற்றும் பட்டால் பொரித்த எண்ணெய் சிக்குப் பிடிக்கும். கப்பலில் பெட்டகத்தின் வெப்பமும் சேர்ந்துகொள்ளும். ஒளி புகாத, உள்ளே உலோகப் பூச்சுள்ள உறையில் நைட்ரஜன் நிரப்பி மூடி, முறுக்கின் படத்தை வெளியே அச்சடிப்பது நல்லது. அனுப்புவதற்கு முன் சில பொட்டலங்களை வெயில் தாக்கும் தகர ஷெட்டில் ஆறு வாரம் போட்டுவைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை வந்தால் நம் ஊர்க்காரர் ‘இது பழசு’ என்று ஒதுக்கிவிட்டு அடுத்த மாதம் வேறு பொட்டலம் வாங்குவார். முதல்முறை சாப்பிடுகிறவர், முறுக்கின் மணமே இதுதான் என்று நினைத்துக்கொள்வார்.