காலை ஐந்து நிமிடப் பாதுகாப்புப் பேச்சை மாற்றியது எப்படி

மலேசியாவின் பினாங்கில், பிறை என்ற ஊரில் பிளாஸ்டிக் வார்ப்புப் பிரிவில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வேலை தொடங்குமுன் பத்து விதிகளை வாசிப்பது எங்கள் வழக்கம். மூன்றாவது விதிக்குள்ளேயே கண்கள் வேறெங்கோ போய்விடும். மனப்பாடமானதை யார் கேட்பார்கள்?

இப்போது ஒரே ஒரு விஷயம்தான் பேசுகிறேன். அதை முந்தைய ஷிப்டின் ஒப்படைப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்து, அந்த இயந்திரத்தின் அருகிலேயே நின்று, கேள்வியாகக் கேட்கிறேன்.

ஒருநாள் பதிவேட்டில் "முனை அடைப்பு, நீக்கப்பட்டது" என்று இருந்தது; உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் பாயும் வாய்தான் முனை. "கதவைத் திறந்துவிட்டோம், அச்சு நின்றுவிட்டது. இன்னும் எது நம்மைச் சுடும்?" என்றேன். சிறிது அமைதிக்குப் பின் ஒரு தம்பி, "உருளை அண்ணே, ஹீட்டர் அணையவில்லையே" என்றான். சரியான பதில். பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகிய நிலையில் அந்த உருளைக்குள் இருக்கும். அடைபட்ட முனைக்குப் பின்னால் அழுத்தமும் தேங்கியிருக்கும். அடைப்பு விலகும் கணத்தில் குழம்பு முகத்தில் பீறிடலாம். முகக்கவசமும் நீளக் கையுறையும் எங்கே இருக்கின்றன, எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று அவனையே செய்துகாட்டச் சொன்னேன். தமிழும் மலாயும் சரியாகப் புரியாத நேபாளத் தோழர்களுக்கு அந்தச் செய்கை போதுமானதாக இருந்தது.

பதிவேட்டில் எதுவும் இல்லாத நாளில் சம்பவத்தைக் கற்பனை செய்வதில்லை. பொய் என்று தெரிந்தால் நம்பிக்கை போய்விடும். அன்று ஒவ்வொருவரும் தம் இடத்திலிருந்து அவசர நிறுத்தப் பொத்தானைச் சுட்டிக்காட்ட வேண்டும். தேநீர் இடைவேளையில் யாராவது ஒருவரிடம் காலைக் கேள்வியைத் திரும்பக் கேட்பேன். பதில் தடுமாறினால், மறுநாளும் அதே விஷயம்தான், வேறொருவர் செய்துகாட்ட.