டெம்பரரியில் சிக்கனம் பிடிக்காதீர்கள்: கம்பைலர் எழுதத் தொடங்குவோர் செய்யும் தவறுகள்

தரமணியில் ஒரு நண்பரின் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் நாலைந்து கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். லெக்ஸ், யாக் என்ற கருவிகளை வைத்து ஒரு சின்ன கம்பைலர் எழுதுவதுதான் வேலை. போன வாரம் ஒரு பெண் தன் நிரலைப் பெருமையோடு காட்டினார். "அண்ணா, இவ்வளவு பெரிய கோவையைக்கூட ரெண்டே டெம்பரரியில முடிச்சிடுது" என்றார். டெம்பரரி என்பது கணக்கின் நடுவில் வரும் விடைக்குக் கம்பைலர் வைக்கும் பெயர். எனக்குப் பகீரென்றது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெருக்கலுக்கு முன்னுரிமை கொடுக்க மறப்பது, அடைப்புக்குறியைத் தவறவிடுவது போன்றவற்றை இங்கே தொடப்போவதில்லை. அவற்றை முதல் சோதனையே காட்டிக்கொடுத்துவிடும்.

டெம்பரரியும் ரெஜிஸ்டரும் ஒன்று என்று நினைப்பது

இந்தக் கோவையை எடுத்துக்கொள்வோம்: `x = (a + b) * (c - d) + (a + b) * e`. இதைக் கம்பைலர் முதலில் ஓர் இடைநிலைக் குறியீடாக மாற்றும். அதன் ஒரு வகையான மூன்று முகவரிக் குறியீட்டில் ஒரு வரிக்கு ஒரே ஒரு கணக்குதான். இரண்டு மதிப்புகளை எடுத்து, விடையை ஒரு பெயரில் வைக்க வேண்டும். கோவையின் மரத்தைக் கீழிருந்து மேலாக நடந்தால் இப்படி வரும்:

```
t1 = a + b
t2 = c - d
t3 = t1 * t2
t4 = a + b
t5 = t4 * e
t6 = t3 + t5
x = t6
```

ஆறு டெம்பரரிகள். இதைப் பார்த்ததும் புதியவர்களுக்குக் கை அரிக்கிறது. `t3` வந்த பிறகு `t1`, `t2` தேவையில்லையே, அந்தப் பெயர்களையே திரும்பப் பயன்படுத்தலாமே என்று தோன்றுகிறது. அந்த மாணவியின் நிரல் தந்தது இது:

```
t1 = a + b
t2 = c - d
t1 = t1 * t2
t2 = a + b
t2 = t2 * e
t1 = t1 + t2
x = t1
```

விடை சரியாகத்தான் வரும். அதுதான் ஆபத்து, எந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது.

என்ன இழந்தோம் என்று பாருங்கள். `a + b` இரண்டு இடத்தில் வருகிறது, நடுவில் `a`, `b` இரண்டுமே மாறவில்லை. முதல் வடிவத்தில் பொதுக் கோவையை நீக்கும் கட்டம் `t4` என்பதும் `t1` என்பதும் ஒரே மதிப்பு என்று கண்டுபிடித்து, நான்காம் வரியை எடுத்துவிட்டு `t5 = t1 * e` என்று எழுதிவிடும். இரண்டாம் வடிவத்தில் அதே கட்டம் "இதை ஏற்கெனவே கணக்கிட்டோம்" என்று தெரிந்துகொண்டாலும் பயனில்லை. மூன்றாம் வரியிலேயே `t1` மேல் வேறு மதிப்பை எழுதிவிட்டோம். `a + b`யின் விடையைக் கையில் வைத்திருக்கும் பெயரே இல்லை, திரும்பக் கூட்டியாக வேண்டும்.

சரி, செயலிக்குள் மதிப்பை வைக்கும் இடமான ரெஜிஸ்டராவது மிச்சமானதா? அதுவும் இல்லை. டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் முந்நூறு பேர் டீ குடிக்கிறார்கள், கடையில் இருப்பது இருபது கிளாஸ். முந்நூறு கிளாஸ் வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் கையில் கிளாஸ் இருக்கிறது என்பதுதான் கணக்கு. ஆனால் கடன் நோட்டில் ஆள் பெயருக்குப் பதிலாகக் கிளாஸ் எண்ணை எழுதி வைத்தால் என்ன ஆகும்? சாயங்காலம் எந்தக் கடன் யாருடையது என்று சொல்ல முடியாது. டெம்பரரி என்பது ஆளின் பெயர், ரெஜிஸ்டர் என்பது கிளாஸ். பெயரை எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். கிளாஸைப் பங்கிடுவது வேறொருவர் வேலை.

அந்த வேறொருவர்தான் ரெஜிஸ்டர் ஒதுக்கீடு. நான்காம் வரியை நீக்கியபின் மிஞ்சுவது இது:

```
t1 = a + b
t2 = c - d
t3 = t1 * t2
t5 = t1 * e
t6 = t3 + t5
x = t6
```

இதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். ஒரு பெயரின் மதிப்பு கீழே எங்காவது இன்னும் தேவைப்பட்டால் அது அந்த இடத்தில் உயிரோடு இருக்கிறது என்று பொருள். `t6`க்கு முன் `t3`, `t5` இரண்டும் உயிரோடு இருக்கின்றன. `t5`க்கு முன் `t1`, `t3`. `t3`க்கு முன் `t1`, `t2`. எந்த இடத்திலும் இரண்டுக்கு மேல் இல்லை. `t2` சாகும் வரியில்தான் `t3` பிறக்கிறது, அதனால் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கலாம். ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும் பெயர்களைக் கோட்டால் இணைத்தால் `t1`–`t2`, `t1`–`t3`, `t3`–`t5` என மூன்று கோடுகள்தான். கோட்டால் இணைந்தவை ஒரே நிறத்தில் இருக்கக் கூடாது என்று நிறம் தீட்டினால் இரண்டு நிறம் போதும். `t1`, `t5` ஒரு நிறம், `t2`, `t3` இன்னொன்று, `t6` எதில் வேண்டுமானாலும். ஐபிஎம்மில் சைட்டின் குழுவினர் 1981இல் வெளியிட்ட வழி இதுதான். ஆக, ஐந்து பெயருக்கும் இரண்டே ரெஜிஸ்டர். அந்த மாணவி கையால் திணித்த அதே இரண்டு, எதையும் இழக்காமல் கிடைத்துவிட்டது.

நினைவகத்திலிருந்து மதிப்பைக் கொண்டுவர இன்னொன்று சேர்த்து மூன்று ரெஜிஸ்டர் போதும்:

```
LD  R1, a
LD  R2, b
ADD R1, R1, R2
LD  R2, c
LD  R3, d
SUB R2, R2, R3
MUL R2, R1, R2
LD  R3, e
MUL R1, R1, R3
ADD R1, R2, R1
ST  x, R1
```

பதினொரு கட்டளைகள், அதில் ஆறு மட்டுமே நினைவகத்தைத் தொடுகின்றன. ஒதுக்கீடே செய்யாமல், முதலில் பார்த்த ஏழு வரிகளையும் வரிக்கு வரி நினைவகத்திலிருந்து எடுத்து அங்கேயே போட்டால் 26 கட்டளைகள், அதில் 20 நினைவகத்துக்கு. இன்றைய மேசைக்கணினிச் செயலிகளில் மிக அருகிலுள்ள கேஷிலிருந்து எடுப்பதற்கே நாலைந்து சுழற்சிகள் பிடிக்கும். கேஷில் இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கில் போகும். இந்தக் கோவை ஒரு லூப்புக்குள் இருந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

என் கதைக்கு வருகிறேன். அப்போது நான் எழுதியது ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லுக்கான கம்பைலர். கணக்குக்கென்று நான்கு ரெஜிஸ்டர்தான் மிச்சம் இருந்தது. எனவே இடைநிலைக் குறியீட்டிலேயே `t1` முதல் `t4` வரை மட்டும் வைத்துக்கொண்டேன். எட்டு மாதம் ஓடியது. பிறகு ரெஜிஸ்டர் அதிகமுள்ள வேறொரு சில்லுக்கு மாற்றச் சொன்னார்கள். புதிய சில்லிலும் என் கம்பைலர் அந்த நான்கை மட்டுமே பயன்படுத்தியது, மற்றவை சும்மா கிடந்தன. ஒதுக்கீட்டை எழுதி ஒட்டினேன். அதுவும் உதவவில்லை, ஏனென்றால் ஒரே பெயருக்குள் தொடர்பில்லாத பத்து மதிப்புகள் அடைந்து கிடந்தன. ஒரு பெயரை நினைவகத்துக்குத் தள்ள வேண்டி வந்தால் அந்தப் பத்துமே சேர்ந்து போயின. மேலே உள்ள இரண்டு டெம்பரரி வடிவத்திலேயே பாருங்கள். `t2`ஐத் தள்ளினால் மூன்று முறை எழுதி, மூன்று முறை படிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இருந்தால் `t2`க்கு ஒரு எழுத்து, ஒரு படிப்பு அவ்வளவுதான்.

பின்னால், ஒரு பெயருக்கு ஒரே ஒருமுறை மதிப்பு தரும் எஸ்.எஸ்.ஏ. வடிவத்துக்கு மாற்றினால் பெயர்கள் மறுபடி பிரிந்துவிடுமே என்று கேட்கலாம். பிரியும். அப்படியானால் சேர்த்துவைக்கும் நிரலை எழுதி, அதைப் பிரிக்கவும் ஒரு நிரல் எழுதுகிறோம். அதைவிட ஒவ்வொரு கணக்குக்கும், புதுப் பெயர் தரும் `newtemp()` செயல்கூறை ஒருமுறை அழைத்துவிட்டுப் போகலாம். எல்.எல்.வி.எம். இடைநிலைக் குறியீட்டில் ஒரு பெயருக்கு ஒரே ஒருமுறைதான் மதிப்பு தர முடியும். `clang -O1 -S -emit-llvm` கொடுத்துப் பாருங்கள், `%1`, `%2` என்று எண்கள் ஏறிக்கொண்டே போகும்.

ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. பொதுக் கோவையை நீக்கினால் `t1` அதிக நேரம் உயிரோடு இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் உச்சம் இரண்டிலேயே நின்றது. பெரிய செயல்கூறில் இதுவே ரெஜிஸ்டர் பற்றாக்குறையை உண்டாக்கலாம். அப்போது நினைவகத்துக்குத் தள்ளுவதைவிட மறுபடி கூட்டிக்கொள்வது மலிவாக இருக்கும் இடமும் உண்டு. எது மலிவு என்பதை ஒதுக்கீட்டுக் கட்டம் முடிவுசெய்யட்டும்.

மாறிக்கும் ஒரு டெம்பரரி

இது எதிர்ப்பக்கத் தவறு. யாக் விதியில் மாறி வந்தவுடனே `t1 = a` என்று எழுதிவிடுகிறார்கள். `a - (b - (c - d))` என்ற கோவைக்கு இப்படிச் செய்தால் `a`, `b`, `c`, `d` நான்கும் இடமிருந்து வலமாக ஏறி உட்கார்ந்துகொள்ளும், நான்கு ரெஜிஸ்டர் வேண்டும். மாறியின் பெயரை அப்படியே மேலே அனுப்புங்கள். முதலில் `t1 = c - d`, அப்புறம் `t2 = b - t1`, அப்புறம் `t3 = a - t2`. இரண்டு ரெஜிஸ்டரில் முடிந்துவிடும். இரண்டு கிளையுமே கனமாக இருந்தால், ரெஜிஸ்டர் அதிகம் கேட்கும் கிளையை முதலில் கணக்கிடுங்கள். 1970இல் சேத்தியும் உல்மனும் கொடுத்த எண்ணிடும் முறை இதற்குத்தான். ஆனால் கிளைக்குள் செயல்கூறு அழைப்பு இருந்தால் கவனம். எந்தப் பக்கத்தை முதலில் கணக்கிட வேண்டும் என்று சி மொழி கட்டாயப்படுத்துவதில்லை, ஜாவா இடமிருந்து வலம் என்று கட்டாயப்படுத்துகிறது.

அழைப்புக்குப் பிறகும் ரெஜிஸ்டர் அப்படியே இருக்கும் என்று நம்புவது

`f(x) + g(y)` என்று எழுதி, விடை சரியாக `g(y)`யின் இரண்டு மடங்காக வந்தால் தவறு இதுதான். சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவில் செயல்கூறின் விடை `a0` ரெஜிஸ்டரில் வரும். `f`இன் விடையை அங்கேயே விட்டுவிட்டு `g`யை அழைத்தால் அது அழிந்துவிடும். `t0` ரெஜிஸ்டருக்கு மாற்றினாலும் போதாது, அதை அழிக்க `g`க்கு உரிமை உண்டு. `g` சின்னதாக இருக்கும்வரை அழிக்காது, சோதனையும் தேறிவிடும். அழைப்பைத் தாண்டி வாழும் மதிப்பை `s0` முதல் `s11` வரை உள்ளவற்றில் ஒன்றிலோ அடுக்கிலோ வையுங்கள். `s` ரெஜிஸ்டரைத் தொட்டால், அதில் இருந்த பழைய மதிப்பை உங்கள் செயல்கூறின் தொடக்கத்திலேயே சேமித்து, திரும்பும்போது மீட்டுத்தர வேண்டும்.

லூப்புக்குள் இருப்பதைத் தள்ளுவது

உள் லூப்பில் பயன்படும் பெயரை நினைவகத்துக்குத் தள்ளாதீர்கள், வெளியே இருப்பதைத் தள்ளுங்கள்.

ரெஜிஸ்டர் நிறைய இருக்கும்போது மட்டும் சோதிப்பது

பதினாறு, முப்பத்திரண்டு ரெஜிஸ்டரோடு மட்டும் ஓட்டினால் தள்ளும் நிரல் ஒருமுறைகூட ஓடாது. ரெஜிஸ்டர் எண்ணிக்கையைக் கம்பைலருக்கு ஒரு விருப்பமாகக் கொடுத்து, மேலே பார்த்த அதே கோவையை ஓட்டுங்கள். மூன்று கொடுத்தால் எதையும் தள்ளாமல் 11 கட்டளைகள் வர வேண்டும். இரண்டு கொடுத்தால், வரிகளின் வரிசை மாறாதவரை, `c`, `d` வரும்போது `t1`உம், `e` வரும்போது `t3`உம் தள்ளப்பட்டு 15 வர வேண்டும். இரண்டிலும் `x`இன் மதிப்பு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.