தாதர் வீட்டுக்கு ஃபில்டரோடு போனேன்

மும்பை தாதரில் இருக்கும் என் காதலி வீட்டில் மராத்திக்காரர்கள். பேடா வாங்கலாம் என்றிருந்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை என்று அவள் சொன்னாள். இதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மாதுங்காவில் கால் கிலோ காபிப்பொடி, சின்ன எவர்சில்வர் ஃபில்டர், அம்மாவுக்கு மல்லிகைச் சரம் வாங்கினேன். பொடி மட்டும் கொடுத்தால் அலமாரியில் தூங்கும்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய் அவள் அப்பா, அம்மா காலைத் தொட்டேன். மராத்தி வழக்கப்படி அப்பாவை 'காகா', அம்மாவை 'காகூ' என்று கூப்பிட்டேன். அதோடு பேச்சு நின்றுபோனது. காகூவிடம் கேட்டுக்கொண்டு சமையலறையில் நுழைந்தேன். மூன்று ஸ்பூன் பொடியை லேசாக அழுத்தி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். டிகாக்‌ஷன் இறங்கக் கால் மணி நேரம் ஆகுமே! அதற்குள் காகா வேலை, வாடகை, சம்பளம் எல்லாம் விசாரித்துவிட்டார். சம்பளத்தை உள்ளபடியே சொன்னேன். அவருக்குச் சர்க்கரை போடாமல் ஆற்றிக் கொடுத்தேன். "உங்க வீட்டார் எப்போ வருவாங்க?" என்றார் காகூ.