பாரில் முதல் ஆர்டர்: நீட், ராக்ஸ், ட்விஸ்ட்டில் செய்யும் தவறுகள்

வண்ணார்பேட்டையில் ஒரு ஹோட்டல் பாரில் பதினோரு வருஷம் பரிமாறினேன். இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனாலும் எந்த பாரில் போய் உட்கார்ந்தாலும் காது பக்கத்து மேஜை ஆர்டருக்குத்தான் போகும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதுப் பையன்கள் இரண்டு பேர் மெனு அட்டையில் ஒரு சிங்கிள் மால்ட் விஸ்கியைத் தொட்டுக் காட்டி, "அண்ணே, இதுல ரெண்டு, நீட்டு" என்றார்கள். "லார்ஜா தம்பி?" என்று கேட்டதும் தலையாட்டினார்கள். கிளாஸ் வந்தது. இரண்டு பேரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார்கள். இருமல் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. "ஒண்ணும் ஏறலையேல" என்று மறுபடியும் ரெண்டு லார்ஜ். முதல் சம்பளம் வாங்கிய வாரம் நானும் அச்சு அசலாக இதையேதான் செய்தேன்.

எங்கே உட்காருவது, டிப்ஸ் எவ்வளவு வைப்பது என்பதெல்லாம் போகப் போகத் தெரிந்துவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

நீட் வேறு, ராவாக அடிப்பது வேறு

இந்த ஒன்றைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மனசு பொறுக்காது. நம் ஊரில் குவார்ட்டரை வாங்கித் தண்ணீர் சேர்க்காமல் அண்ணாந்து விடுவதை 'ராவா அடிக்கிறது' என்பார்கள். நீட் என்பது அதற்குத்தான் இங்கிலீஷ் பெயர் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். பாட்டிலில் இருந்து நேராகக் கிளாஸுக்கு ஊற்றுவது, ஐஸ், தண்ணீர், சோடா எதுவும் சேர்க்காமல், குளிரவும் வைக்காமல் தருவது, இவ்வளவுதான் நீட். ஊற்றும் விதத்தைச் சொல்லும் வார்த்தை அது. அதைக் குடிக்கும் விதமோ ராவுக்கு நேர் எதிர்: 30 மில்லியை அரை மணி நேரம் வைத்துக் குடிக்க வேண்டும்.

சிங்கிள் மால்ட்டுக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் வாசனைக்குத்தான். வருஷக்கணக்கில் மரப் பீப்பாயில் கிடந்து ஏறிய வாசனை அது. ஒரே மடக்கில் விழுங்கினால் அது மூக்குக்குப் போகவே நேரம் இல்லை. தொண்டை எரிந்ததுதான் மிச்சம். கிளாஸை மூக்கருகே கொண்டுபோகும்போது உதட்டைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், நெடி குத்தாது. முதல் வாய் அரை டீஸ்பூன் அளவு போதும். அது எரியத்தான் செய்யும். அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். நாக்கு பழகிய பிறகு இரண்டாவது, மூன்றாவது வாயில்தான் ருசி பிடிபடும். பக்கத்தில் ஒரு கிளாஸ் சாதாத் தண்ணீர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இருந்து நாலு சொட்டு விஸ்கியில் விட்டால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். விஸ்கி கலக்கும் நிபுணர்களே தண்ணீர் சேர்த்துத்தான் முகர்ந்து பார்க்கிறார்கள்.

அந்தப் பையன்களின் கணக்கையும் பார்த்துவிடலாம். ஹோட்டல் பார்களில் மெனுவில் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் 30 மில்லிக்கு, அதாவது ஒரு ஸ்மாலுக்கு. லார்ஜ் என்றால் 60. விலை 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு லார்ஜ் 1,200. இரண்டு பேர், இரண்டு ரவுண்டு, 4,800. ஆளுக்கு ஒரு ஸ்மால் வாங்கி நிதானமாகக் குடித்திருந்தால் 1,200 ரூபாயோடு போயிருக்கும், என்ன குடித்தோம் என்றும் தெரிந்திருக்கும். "லார்ஜா?" என்று கேட்டால் யோசிக்காமல் "ஸ்மால்" என்று சொல்லுங்கள்.

காசை விடப் பெரிய ஆபத்து உடம்புக்கு. நம் ஊர் விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அப்படியானால் ஒரு லார்ஜில் சுமார் 20 கிராம். நம் ஈரல் ஒரு மணி நேரத்தில் கழிப்பது தோராயமாக 7 முதல் 10 கிராம்தான். ஒரு லார்ஜுக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால், பத்து நிமிஷத்தில் இரண்டை இறக்கியவன் கதி என்ன? குடித்த உடனே ஏறாது என்பதுதான் இதில் உள்ள பொறி. முழுசாகத் தலைக்கு ஏற அரை மணி, முக்கால் மணி ஆகும். ஏறவில்லை என்று அதற்குள் அடுத்ததைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பையன்களில் ஒருவன் எழுந்து நின்றபோது மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். அவனை ஆட்டோவில் ஏற்றிவிடும் வரை நானும் கூடவே இருந்தேன்.

"ஐஸ் கம்மியா போடுங்க"

ஆன் த ராக்ஸ் என்றால் ஐஸ் கட்டிகளின் மேல் ஊற்றித் தருவது. அதோடு 'ஐஸ் கம்மி' என்பதைச் சேர்த்துச் சொல்லும் பழக்கம் சர்பத் கடையில் வந்தது. அங்கே அது நியாயம்தான், ஐஸ் கூடினால் சர்பத் குறையும். பாரில் முதலில் அளந்துவிட்டுத்தான் ஊற்றுகிறார்கள். ஐஸ் எவ்வளவு போட்டாலும் உங்கள் 30 மில்லி 30 மில்லிதான்.

சொல்லப்போனால் ஐஸ் கம்மியானால்தான் நஷ்டம். இரண்டே கட்டி போட்டால் அவை சரக்கைக் குளிர வைக்கும் முயற்சியிலேயே கரைந்துபோகும். பத்து நிமிஷத்தில் கிளாஸில் இருப்பது வெதுவெதுப்பான தண்ணி விஸ்கி. கிளாஸ் நிறையக் கட்டி இருந்தால் சட்டென்று குளிர்ந்து, அப்புறம் மெதுவாகக் கரையும். கட்டி பெரிதாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். பக்கெட்டில் ஏற்கெனவே நீர் விட்டுப் பளபளவென்று நிற்கும் பொடிக் கட்டி வந்தால், "புது ஐஸ் கொண்டு வாங்க" என்று கேட்கலாம், தப்பில்லை.

நீட்டுக்கு அறை வெப்பம் என்று சொல்வது குளிர் நாட்டு அறையை வைத்து. சித்திரை வெயிலில் மொட்டை மாடி பாரில் நீட் கேட்டால் நெடி மட்டும்தான் மூக்கில் ஏறும். அங்கே ராக்ஸ்தான் பொருத்தம். ஏசி அறை என்றால் நீட் கேளுங்கள்.

ஸ்ட்ரெய்ட் அப்

ஐஸில் குளிர வைத்து, ஐஸை வடிகட்டிவிட்டுத் தருவது. நீட் அல்ல.

வண்டிச் சாவி

வீட்டிலேயே இருக்கட்டும்.

ட்விஸ்ட் என்றால் எலுமிச்சைச் சாறு இல்லை

சின்ன வயதில் ஆரஞ்சுத் தோலை மடக்கிப் பக்கத்துப் பையன் கண்ணில் பீச்சியிருப்போமே, அந்தத் தோல் எண்ணெய்தான் ட்விஸ்ட். எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோலை விரல் நீளத்துக்குச் சீவி, உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைப் பகுதியை முடிந்தவரை விட்டுவிட்டு (அது கசக்கும்), வெளிப்புறம் கிளாஸைப் பார்க்க இருக்கும்படி பிடித்து மடக்குவார்கள். கண்ணுக்குத் தெரியாத தூறல் மாதிரி எண்ணெய் மேலே படியும். தோலை விளிம்பில் ஒருமுறை தேய்த்துவிட்டு உள்ளே போடுவார்கள். புளிப்பு துளியும் சேராது, வாசனை மட்டும்தான். ஜின்னுக்கும் வோட்காவுக்கும் எலுமிச்சைத் தோல் பொருந்தும், ஓல்ட் ஃபேஷன்ட் காக்டெயிலுக்கு ஆரஞ்சுத் தோல்.

நம் பக்கம் ட்விஸ்ட் கேட்டால் பல இடங்களில் கால் துண்டு எலுமிச்சை வரும். வந்ததும் பிழிந்துவிடுகிறார்கள், அதுவும் விஸ்கியில். அந்தப் புளிப்பு மற்ற ருசி எல்லாவற்றையும் அமுக்கிவிடும். புளியங்குடி சந்தையில் மலையாகக் குவியும் நம் எலுமிச்சைக்குத் தோல் மெல்லிசு. பட்டையாகச் சீவ வராது, சீவினால் சதையும் கூடவே வரும். அதனால் "ஆரஞ்சுத் தோல் ஒரு சீவல் போட முடியுமா?" என்று கேளுங்கள். ஜூஸ் போட ஆரஞ்சு வைத்திருக்கும் ஹோட்டலில் அது கிடைத்துவிடும்.