இடர்ப் பதிவேட்டில் ‘மழை’ என்று மட்டும் எழுதாதீர்கள்

வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் இயங்கும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், எது தவறிப்போகலாம், அப்போது யார் என்ன செய்வது என்று எழுதி வைத்திருந்த இடர்ப் பதிவேட்டை, குறுவை அறுவடைக்கு மூன்று வாரம் முன்பு சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. உறுப்பினர்களிடம் நெல்லை வாங்கி, தன் களத்தில் காயவைத்து, அரிசி ஆலைக்கு விற்பதுதான் அந்த நிறுவனத்தின் தொழில். பதிவேட்டின் முதல் பதிவு இப்படி இருந்தது: “மழை காரணமாக நெல் பாதிக்கப்பட்டு நஷ்டம் ஏற்படும் அபாயம். நடவடிக்கை: உரிய முன்னெச்சரிக்கை, தார்ப்பாய் வாங்குதல். பொறுப்பு: நிர்வாகக் குழு.”

இதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வரும்போது, இதைப் படித்துவிட்டு யார் எழுந்து என்ன செய்வார்? அந்தக் கேள்விக்கு இந்தப் பதிவில் விடை இல்லை. காரணம், நிகழ்வு, விளைவு மூன்றும் ஒரே வாக்கியத்தில் குழைந்து கிடக்கின்றன. பொறுப்போ ஏழு பேருக்குப் பொதுவாக இருக்கிறது.

முதல் தவறு, உறுதியாக நடக்கப்போவதை இடர் என்று எழுதுவது. ஐ.எஸ்.ஓ. 31000 தரநிலை இடரை, நோக்கங்களின் மேல் நிச்சயமின்மை ஏற்படுத்தும் தாக்கம் என்று வரையறுக்கிறது. டெல்டாவில் குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் விழுகிறது. வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில்தான் தொடங்குகிறது. அறுவடைக் காலத்தில் மழை பெய்யும் என்பதில் நிச்சயமின்மை எங்கே இருக்கிறது? எந்த நாள், எவ்வளவு என்பது மட்டுமே தெரியாது. ஆகவே மழை ‘காரணம்’ என்ற கட்டத்தில், பின்னணியாக உட்கார வேண்டியது. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்கிற ஒன்றுதான் ‘நிகழ்வு’ கட்டத்துக்குரியது.

நான் அங்கே களத்து மேற்பார்வையாளரிடம் கேட்டது இவ்வளவுதான்: “ஐயா, நெல் கெட்டுப்போன நாளில் என்ன நடந்தது? வரிசையாகச் சொல்லுங்கள்.” அவர் சொன்னார்: “மழை ராத்திரிதான் பெய்தது. ஆனால் அன்றைக்கு மதியமே களம் நிறைந்துவிட்டது. மிச்ச நெல்லைக் குவியலாக விட்டோம்.” நான் தேடிய நிகழ்வு அந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்தது.

அவருடைய களம் 350 சதுர மீட்டர். நெல்லை 4 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 23 கிலோ பிடிக்கும். அப்படியென்றால் களம் முழுவதும் சுமார் 8,000 கிலோ, 40 கிலோ மூட்டைக் கணக்கில் 200 மூட்டை. ஓர் அறுவடை இயந்திரம் பொழுது சாய்வதற்குள் ஆறேழு ஏக்கர் முடித்துவிடும். ஏக்கருக்கு 50 மூட்டை என்று வைத்தாலே 300 மூட்டையைத் தாண்டுகிறது. மழையே இல்லாவிட்டாலும் ஒற்றை இயந்திரத்தின் ஒரு நாள் நெல்லுக்கு அந்தக் களம் போதாது. பதிவேட்டின் பழைய வாசகத்தில் இந்த உண்மைக்கு இடமே இல்லை. ‘மழை’ என்று எழுதிய கை, அதற்கு மேல் கேள்வி கேட்கத் தேவையில்லை என்று நின்றுவிட்டது.

இரண்டாவது தவறு இதைவிட நுணுக்கமானது: தீர்வு இல்லாததையே காரணமாக எழுதுவது. அந்தப் பதிவேட்டின் வேறொரு பதிவில் காரணம் “போதிய தார்ப்பாய் இல்லாமை” என்று இருந்தது. அப்படி எழுதினால் நடவடிக்கை தானாகவே “தார்ப்பாய் வாங்குதல்” என்று வந்து விழும். பதிவு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு முடிந்துவிடும். உண்மையில் தார்ப்பாய் மழையைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. இயந்திரத்தில் அறுத்த நெல் பல நேரம் 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு வருகிறது. அதைக் குவித்துக் காற்றுப் புகாமல் மூடினால், மணிகள் மூச்சு விடுவதாலேயே குவியல் உள்ளுக்குள் சூடேறும். மறுநாள் கையை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பும் புளித்த வாடையும் தெரியும்; மணி மஞ்சளிக்கத் தொடங்கியிருக்கும். மேல்தோற்றத்தில் நனையாத நெல், உள்ளே கெட்டிருக்கும். காரணத்தைச் சரியாக எழுதியிருந்தால் இந்தத் தார்ப்பாய்ச் செலவு எதற்கு என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. காரணக் கட்டத்தில் எழுதியதை இன்று காலை போய்ப் பார்க்க முடிகிறதா என்று பாருங்கள். “களம் 200 மூட்டைதான் பிடிக்கும்” என்பதைப் போய் அளந்து பார்க்கலாம். “இயந்திரம் ஒரு கிராமத்துக்கு வந்தால் அடுத்தடுத்த வயல்களை ஒரே மூச்சில் முடித்துவிட்டுத்தான் நகரும்” என்பதை எந்த விவசாயியிடமும் கேட்கலாம். “திட்டமிடல் குறைபாடு”, “ஒருங்கிணைப்பு இன்மை” போன்றவற்றை எங்கே போய்ப் பார்ப்பது? அந்தச் சொற்களுக்கு அடியில் உண்மையான காரணம் ஒளிந்திருக்கும். தோண்டி எடுக்க வேண்டும்.

விளைவுக் கட்டத்தில் செய்யும் தவறு, எப்படியும் ஆகப்போகும் செலவை இடரின் தலையில் ஏற்றுவது. அந்த நிறுவனம் ஆலையோடு செய்திருந்த ஒப்பந்தம் அரசுக் கொள்முதலின் வரம்புகளையே பின்பற்றியது: ஈரப்பதம் 17 சதவீதம்; சேதமடைந்த, நிறம் மாறிய, முளைத்த, வண்டடித்த மணிகள் 5 சதவீதம் வரை. 20 சதவீத ஈரத்தில் வாங்கிய 40 கிலோ மூட்டை 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் எடை 38.55 கிலோவாகக் குறையும். போன நீரின் எடை ஒன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பழைய பதிவேட்டில் இந்த எடைக் குறைவையும் சேர்த்துத்தான் ‘மழை நஷ்டம்’ என்று பெரிய தொகை போட்டிருந்தார்கள். ஆனால் வெயில் கொளுத்தும் நாளிலும் அந்த ஒன்றரை கிலோ போகும். அது கொள்முதல் விலையில் கழிக்க வேண்டிய கணக்கு, இடர்ப் பதிவேட்டுக்கு உரியதல்ல.

இடரால் வரும் இழப்பு வேறு. குவியலில் இரவு தங்கிய நெல்லில் நிறம் மாறிய மணி 5 சதவீதத்தைத் தாண்டினால் ஆலை எடுக்காது. வெளி வியாபாரியிடம் குறைந்த விலைக்குத்தான் தள்ள வேண்டும். 300 வந்து 200 பரப்பினால் மிச்சம் 100 மூட்டை, அதாவது 4,000 கிலோ. கிலோவுக்கு 6 ரூபாய் குறைவு என்று அவர்கள் தங்கள் பழைய விற்பனைச் சீட்டுகளைப் பார்த்துச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு 24,000 ரூபாய். கூடவே, பணத்துக்காகக் காத்திருக்கும் உறுப்பினர்களுக்குப் பட்டுவாடா தள்ளிப்போகும். “பெரும் நஷ்டம்” என்ற சொல்லை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. 24,000 என்ற எண் இருந்தால், உலர்த்தும் இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது கட்டுமா என்று உடனே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இனி பொறுப்பாளர். என் அனுபவத்தில் அதிகமாகப் பிழை நேரும் கட்டம் இதுதான். “நிர்வாகக் குழு” என்று எழுதினால் யாருக்கும் இல்லை என்று பொருள். அதைத் திருத்தச் சொன்னதும் களத்து மேற்பார்வையாளரின் பெயரை எழுதினார்கள். பெயர் ஒன்றாகிவிட்டது, ஆனால் தவறு மாறி உட்கார்ந்தது. அவர் தன் கையெழுத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் செலவிட முடியாது. உலர்த்தும் இயந்திரத்தை அவரால் வரவழைக்க முடியாது. அதைவிட முக்கியம், எந்த வயலுக்கு இயந்திரம் எப்போது போகும் என்பதை விவசாயியே முடிவு செய்வதில்லை. வெளிமாவட்ட இயந்திரங்களைக் கொண்டுவரும் தரகர்தான் முடிவு செய்கிறார். உறுப்பினர்களுக்கு மட்டும் நாள் குறித்து டோக்கன் கொடுத்துவிட்டால் நெல் சீராக வரும் என்று நினைத்தது முந்தைய ஆண்டில் பொய்த்துப் போனதும் இதனால்தான். தரகரிடம் பேசக்கூடியவர், செலவுக்கு ஒப்புதல் தரக்கூடியவர், களத்தில் நிற்பவர் என்று மூன்று வேலைகள் அங்கே இருந்தன.

அதற்காக மூன்று பேரையும் ஒரே கட்டத்தில் எழுதிவிடக் கூடாது. இடருக்குப் பொறுப்பாளர் ஒருவர். ஒவ்வொரு நடவடிக்கையையும் செய்பவர் தனித்தனியாக. நாங்கள் திருத்திய பதிவு இது:

காரணம்: களம் 200 மூட்டை மட்டுமே பிடிக்கும், ஓர் அறுவடை இயந்திரத்தின் ஒரு நாள் நெல் 300 மூட்டையைத் தாண்டும், அக்டோபரில் இரவு மழை வழக்கம்.

நிகழ்வு: 17 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள நெல், பரப்ப இடமின்றி ஓர் இரவுக்கு மேல் குவியலாகக் கிடக்கலாம்.

விளைவு: நிறம் மாறிய மணி 5 சதவீதத்தைத் தாண்டி ஆலை மறுக்கும், 100 மூட்டைக்கு 24,000 ரூபாய் இழப்பு, உறுப்பினர் பட்டுவாடா தாமதம்.

நடவடிக்கை: இயந்திரத் தரகருடன் நாளுக்கு நான்கு ஏக்கர் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வது – கொள்முதல் அலுவலர், செப்டம்பர் 10க்குள். காலை 11 மணி நிலவரப்படி வந்த நெல்லும் அன்று வரவிருக்கும் நெல்லும் சேர்த்து 200 மூட்டையைத் தாண்டினால் அலுவலகத்துக்குத் தெரிவிப்பது – களத்து மேற்பார்வையாளர். தெரிவித்த அன்றே உலர்த்தும் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பது – முதன்மைச் செயல் அலுவலர்.

இடரின் பொறுப்பாளர்: முதன்மைச் செயல் அலுவலர், தீபாவளி விடுப்பில் இருந்தால் கணக்காளர், அதே செலவு அதிகாரத்துடன்.

ஒவ்வொரு நடவடிக்கையின் மேலும் விரலை வைத்து, அது காரணத்தைத் தொடுகிறதா, விளைவைத் தொடுகிறதா என்று பாருங்கள். தரகருடன் பேசுவது காரணத்தைத் தொடுகிறது. வாடகை இயந்திரம், நிகழ்வு நேரவிருக்கும்போது விளைவைத் தடுக்கிறது. “உரிய முன்னெச்சரிக்கை” எதையும் தொடவில்லை.

இப்படிப் பிரிக்கத் தொடங்கியவர்கள் போகிற போக்கில் அளவுக்கு மீறிப் பிரிப்பதும் உண்டு. அதே பதிவேட்டில் சாக்குத் தட்டுப்பாடு, லாரி தாமதம் இரண்டும் ‘மழை’யோடு ஒட்டியிருந்தன. அவற்றுக்குக் காரணமும் ஆளும் வேறு என்பதால் தனிப் பதிவுகளாக்கினோம். ஆனால் பகல் மழைக்கு ஒன்று, இரவு மழைக்கு ஒன்று என்று ஒருவர் பிரித்ததை மறுபடி சேர்த்தேன். நடவடிக்கையும் செய்பவரும் ஒன்றாகவே இருக்கும்போது இரண்டு பதிவுகள் படிப்பவரைக் களைப்படையத்தான் வைக்கும்.

இந்தப் பதிவு குறுவைக்கு மட்டுமே செல்லும். சம்பா, தாளடி அறுவடை ஜனவரி, பிப்ரவரியில் வரும்போது மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். ஆனால் மார்கழி, தை மாதப் பனியில் காலை நெல் ஈரமாக இருக்கும். இயந்திரம் வயலில் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பது அப்போது காரணக் கட்டத்துக்கு வரும். அதனால் பதிவின் கீழே மறுஆய்வு நாளாக டிசம்பர் 15 என்று எழுதி, அதற்கு நேராகக் கொள்முதல் அலுவலரின் பெயரையும் போட்டோம்.