தண்ணீர் கேன் டெலிவரிக்கு ஆள் தேடுகிறீர்களா?

'டெலிவரி ஹெல்பர் தேவை, நல்ல சம்பளம்' என்று எழுதாதீர்கள். ஏரியா, வேலை தொடங்கும் நேரம், சம்பளம், தூக்கவேண்டிய எடை நான்கையும் அப்படியே போடுங்கள். உதாரணமாக:

"வேளச்சேரி கடைக்கு குட்டி யானையில் ஹெல்பர் தேவை. காலை 6 முதல் மதியம் 2 வரை. 20 லிட்டர் கேனை மூன்று மாடி ஏற்றவேண்டும். மாதம் 16,000, ஞாயிறு லீவு. லைசென்ஸ் வேண்டாம். மடிப்பாக்கம், தரமணி, ஆதம்பாக்கத்தில் இருப்பவர்கள் காலை 6–7க்குள் போன் செய்து, தெருப் பெயர் சொல்லவும்."

இந்த வேலையை விட்டு ஓடுபவர்கள் இரண்டு காரணத்தால் ஓடலாம்: விடிகாலையில் பஸ் பிடித்து வரமுடியாது, மாடிப்படி இருப்பது முன்பே தெரியாது. இரண்டையும் விளம்பரத்திலேயே சொல்லிவிட்டால் முடியாதவர்கள் கூப்பிடமாட்டார்கள். போன்கால் குறையும், பயப்படவேண்டாம். காலை ஆறரைக்கே அழைப்பவர் அந்த நேரத்துக்கு எழுந்து பழகியவராக இருக்க வாய்ப்பு அதிகம். நோட்டீஸை ஆன்லைனில் மட்டும் போடாமல் பக்கத்து டீக்கடையிலும் ஒட்டுங்கள்.

தங்க இடம் கொடுத்து வெளியூர் ஆட்களை வைப்பவர்களுக்கு எந்த ஏரியாவில் இருப்பவர்கள் கூப்பிடலாம் என்று எழுதத் தேவையில்லை. மதியம் தொடங்கும் வேலைக்குக் காலை அழைப்பு எதையும் காட்டாது.